எஸ்ஐபி: ஒரே தொகையா, ஆண்டுதோறும் உயர்த்துவதா?

எஸ்ஐபி என்பது, மாதம் ஒரு தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து, அன்றைய விலைக்கு மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்களை வாங்கிப்போடும் ஏற்பாடு. ரூ.5,000 போடுகிறீர்கள், யூனிட் விலை ரூ.50 என்றால் 100 யூனிட் வரும், அடுத்த மாதம் விலை ரூ.40க்கு இறங்கினால் 125 வரும். விலை இறங்கும் மாதத்தில் யூனிட் தானாகவே கூடுதலாகச் சேர்கிறது.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் மாதம் ரூ.5,000 என்று தொடங்குகிறார்கள். ஒருவர் 20 வருடமும் தொகையைத் தொடவே இல்லை. இன்னொருவர் ஆண்டுக்கு 10% ஏற்றுகிறார்: அடுத்த வருடம் 5,500, அதற்கடுத்து 6,050. வருமானம் ஆண்டுக்குச் சுமார் 12% என்று வைத்துக்கொள்வோம் (இது கணக்குக்கான அனுமானம்தான், சந்தை வருடாவருடம் இப்படித் தராது). முதலாமவர் கையில் சுமார் 50 லட்சம், இரண்டாமவர் கையில் 99 லட்சம்.

விளம்பரங்கள் இதோடு நிறுத்திவிடும். முதலாமவர் போட்டது 12 லட்சம். இரண்டாமவர் போட்டது 34 லட்சத்துக்கும் மேல். அதிகம் போட்டார், அதிகம் வந்தது. அந்த 34 லட்சத்தையே முதல் மாதத்திலிருந்து சமமாகப் பிரித்து, மாதம் ரூ.14,300 என்று போட்டிருந்தால் சுமார் 1.43 கோடி ஆகியிருக்கும். முன்கூட்டியே போன பணத்துக்குக் குட்டி போட அதிக வருடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆக, இன்றைக்கே 14,300 ஒதுக்க முடிந்தவருக்கு ஏற்றும் முறையால் லாபமில்லை. இன்று ஐயாயிரம்தான் முடியும், சம்பளம் பின்னால் ஏறும் என்பவருக்குத்தான் அது.

ஆனால் 10% என்பது போகப்போக கனக்கும். 20ஆம் வருடத்தில் மாதத் தவணை ரூ.30,580. சம்பளம் அந்த வேகத்தில் ஏறாவிட்டால் நடுவில் நிறுத்த வேண்டிவரும். இதற்கு மாற்றாக, ஆண்டுக்கு வெறும் ரூ.500 மட்டும் கூட்டலாம். கடைசி வருடத் தவணை 14,500தான், சேர்வதோ சுமார் 79 லட்சம். சம்பள உயர்வு நிச்சயமில்லாத வேலையில் இருப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். வங்கிக்குக் கொடுக்கும் ஆட்டோ டெபிட் அனுமதியில் அதிகபட்சத் தொகை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 10,000 என்று எழுதிவிட்டு 10% ஏற்றினால், 8ஆம் வருடம் வரை சிக்கல் இல்லை. 9ஆம் வருடம் தவணை 10,718 ஆகும்போது டெபிட் திரும்பிவிடும், வங்கி அபராதமும் போடலாம். கடைசித் தவணை எவ்வளவு வரும் என்று பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.