முகத்தை வெளிச்சமாக்கித் தருகிறோம் என்று சட்டையையும் புடவையையும் அழித்துவிட்டார்கள், 3,500 ரூபாய் போச்சு

ஆன்லைனில் போட்டோ எடிட்டிங் செய்து தரும் ஒரு ஆளிடம் 3,500 ரூபாய் கொடுத்து ஏமாந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை.

அப்பா, அம்மா சேர்ந்திருக்கும் படம். அப்பா வெள்ளைச் சட்டை, அம்மா சந்தன நிறப் பட்டு. முகம் இரண்டும் நிழலில். பணம் கட்டும் முன் போனில் கேட்டேன். "கவலைப்படாதீங்க சார், முகத்தை மட்டும்தான் பிரைட் பண்ணுவோம், துணியில ஒரு நூல்கூட மாறாது" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் 3,500 ரூபாயையும் முன்பணமாக அனுப்பினேன்.

வந்த படத்தில் முகம் பளிச். ஆனால் அப்பாவின் சட்டைப் பையைக் காணோம், தையலைக் காணோம், காலர் தோளோடு ஒட்டிக் கிடக்கிறது. அம்மாவின் முந்தானை மடிப்பெல்லாம் ஒரே வெளுப்பு.

கேட்டால், "உங்க ஸ்கிரீன்ல பிரைட்னஸ் அதிகம்." அப்புறம், "பிரிண்ட் போட்டா சரியா வரும்." கடைசியில், "ஒரிஜினல்லயே அப்படித்தான் இருந்துச்சு." பொய்! ஒரிஜினலை எடிட்டிங் மென்பொருளில் திறந்து சட்டையின் மேல் கர்சரை வைத்துப் பார்த்தேன். அது காட்டும் வெளிச்ச எண்ணில் 0 என்றால் கருப்பு, 255 என்றால் சுத்த வெள்ளை. சட்டையில் 225 முதல் 240 வரை எண்கள் மாறிமாறி வருகின்றன. அந்த ஏற்ற இறக்கம்தான் துணியின் நெசவு. அவர் அனுப்பியதில் எங்கே வைத்தாலும் 255, 255, 255.

முகம் 90 அளவில் இருட்டாக இருந்தது. அதற்காகப் படம் முழுவதற்கும் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றியிருக்கிறார். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு. எண் அப்படியே இரட்டிப்பாகாது, ஆனால் 188-க்கு மேல் இருந்த எல்லாமே போய் 255-இல் முட்டி நிற்கும். முகம் பிழைத்தது, துணி செத்தது. மாஸ்க் போட்டு, அதாவது முகப் பகுதியை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் ஏற்றியிருந்தால் சட்டை அப்படியே இருந்திருக்கும்.

விடாமல் சண்டை போட்டதும் "ஹைலைட்ஸ் குறைச்சு அனுப்புறோம்" என்று திருத்தி அனுப்பினார். சட்டை சாம்பல் நிறமாகிவிட்டது, நெசவு மட்டும் வரவே இல்லை. 255-இல் அழிந்த ஜேபெக்கை இறக்கினால் வேறென்ன வரும்? அதன்பின் போனே எடுப்பதில்லை. 3,500 ரூபாய்!

நீங்களே செய்வதானால் முகத்துக்கு மாஸ்க் போடுங்கள். முடியாவிட்டால் வெளிச்சத்தை ஒரு கோட்டை வளைத்து மாற்றும் கர்வ்ஸ் கருவியில், கோட்டின் மேல்பகுதியில் ஒரு புள்ளி வைத்துப் பிடித்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் தூக்குங்கள். வெள்ளைத் துணி 245-ஐத் தாண்டாமல் பாருங்கள். பட்டுப் புடவை என்றால் சிவப்பு எண்ணைத் தனியாகக் கவனியுங்கள், சந்தன நிறத்தில் அதுதான் முதலில் 255-ஐத் தொடும். ஒரிஜினலை அழிக்காதீர்கள். வெளியில் கொடுத்தால் பாதிப் பணம் மட்டும் கொடுங்கள், மீதியைக் காலரையும் முந்தானையையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகு கொடுங்கள்.