ஊர் நம்பரும் ஓடிபியும்: சிங்கப்பூரில் ஏழு வருட அனுபவம்

போன வாரம் பங்காளி வீட்டுத் தம்பி ஒருவன் கூப்பிட்டான். "அண்ணே, அடுத்த மாசம் சிங்கப்பூர் வர்றேன். ஊர் சிம்மை வீட்டுல வச்சுட்டு வரவா, கையோட கொண்டு வரவா?" போனில் அரை மணி நேரம் சொல்லியும் முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு வருடம் நான் சிம்மை கோட்டையூர் வீட்டிலேயே விட்டிருந்தேன். பட்டன் போனில் போட்டு ஆத்தாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் சுவர் எவ்வளவு தடிமன் என்று உங்களுக்குத் தெரியும். முகப்பில் இரண்டு கோடு சிக்னல் இருக்கும். வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போனால் ஒன்றும் கிடையாது. ஆத்தா அடுப்படியில் இருக்கும்போது நான் ஓடிபி கேட்டால், அவர் போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு நடந்து வந்து, கண்ணாடி தேடி வாசிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

அந்த ஏற்பாட்டை நான் கைவிட்டது அதனால் அல்ல. ஒரு நாள் யாரோ கூப்பிட்டு, "உங்க மகன் சொல்லித்தான் பேசுறேன், வந்திருக்கிற நம்பரைச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறான். ஆத்தா சொல்லத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த அப்பச்சி போனைப் பிடுங்கினார். ஓடிபியைப் போனில் வாசித்துச் சொல்லும் பழக்கத்தை நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இன்றும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. சிம்மை வீட்டில் விடாதே, தம்பி.

சரி, கையோடு கொண்டு வந்தால்? அதே பட்டன் போனைக் கொண்டு வராதே. சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். 2ஜி மட்டும் உள்ள போன் இங்கே எதையும் பிடிக்காது. இரண்டு சிம் போடும் போனில் ஊர் சிம்மை இரண்டாவதாகப் போடு. கிளம்பும் முன்பே ரோமிங்கைத் திறந்து வைத்துவிடு. இங்கே இறங்கியதும் அந்த சிம்மின் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு, சிம்மை எப்போதும் இயக்கத்திலேயே வை. ஐந்து வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன். குறுஞ்செய்தி வாங்கியதற்கு எனக்கு ஒரு பைசாகூடப் பிடித்ததில்லை. ஊர் நம்பரில் வரும் அழைப்பை எடுத்தால்தான் காசு போகும், அதனால் எடுப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி.

எரிச்சல் எங்கே என்றால், ஓடிபி தாமதமாக வரும் நாட்களில். பட்டனை மறுபடி மறுபடி அழுத்தத்தான் கை போகும். அதுதான் தப்பு. போன் நெட்வொர்க்கில் சரியாகப் பதிவாகவில்லை என்றால், செய்தி ஊரில் உள்ள செய்தி மையத்தில் காத்திருக்கும். மையம் மறுபடி முயலும், ஆனால் ஒவ்வொரு முறையும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். நீ நான்கு முறை அழுத்தியிருந்தால் கடைசியில் நான்கும் கூட்டமாக வந்து விழும். பெரும்பாலும் கடைசியாகக் கேட்டது மட்டுமே செல்லும், முந்தையவை செத்துப்போயிருக்கும். இதை அறியாமல் மூன்று முறை பழைய எண்ணைப் போட்டு நான் கணக்கைப் பூட்டவைத்திருக்கிறேன்.

இப்போது செய்வது வேறு. ஓடிபி கேட்பதற்கு முன்பே போனை ஃபிளைட் மோடுக்கு மாற்றி, அரை நிமிடம் கழித்துத் திரும்பக் கொண்டுவருகிறேன். ஊர் சிம் பக்கத்தில் கோடுகள் வந்த பிறகு ஒரே ஒரு முறை கேட்கிறேன். வரவில்லை என்றால், ஊரில் இருக்கும் யாரையாவது அந்த நம்பருக்குச் சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்று அனுப்பச் சொல்கிறேன். அது வந்து ஓடிபி வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அனுப்புகிற பக்கம். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அதுவும் வரவில்லை என்றால் ரோமிங்கில்தான் சிக்கல். நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் கையால் வேறொன்றுக்கு மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும்.

என்னை உண்மையிலேயே மாட்டவைத்தது 2024 விடுமுறை. என் சிம் பழைய பெரிய அட்டை, வெட்டிச் சிறிதாக்கியது. புதுப் போனில் அது ஆடிக்கொண்டே இருந்தது. கிளம்பும் நாள் காலையில் காரைக்குடியில் கடைக்குப் போய் அதே நம்பருக்குப் புது சிம் வாங்கினேன். வேலை முடிந்த பிறகுதான் கடைத் தம்பி, "24 மணி நேரத்துக்கு மெசேஜ் வராது, போகாது சார்" என்றார். சிம் மாற்றினால் ஒரு நாள் குறுஞ்செய்தியை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது 2022 இறுதியில் வந்த அரசு உத்தரவு. நம்பரைத் திருடுகிறவனைத் தடுக்க அது அவசியம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்றிரவு திருச்சியில் எனக்கு விமானம்.

மறுநாள் சிங்கப்பூரில் ஓடிபி வரத் தொடங்கியது. ஆனாலும் வங்கிச் செயலி புதுப் போனில் திறக்கவில்லை. காரணம் புரியவே மூன்று நாள் ஆனது. புதுப் போனைப் பதிவு செய்ய அந்தச் செயலி ஓடிபி வாங்குவதில்லை. நம் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியைத் தானே அனுப்புகிறது. செய்திப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது 'அனுப்பப்படவில்லை' என்று சிவப்புக் குறியோடு ஐந்தாறு கிடந்தன. ரோமிங்கில் செய்தி வாங்கக் காசு வேண்டாம், அனுப்பத்தான் வேண்டும். என்னிடம் சிம்மை உயிரோடு வைக்கும் செல்லுபடிக் காலத் திட்டம் இருந்தது, ஆனால் இந்த மாதிரிச் செலவுக்குக் காசு பிடிக்கும் முதன்மை இருப்பு பூஜ்யம். அப்பச்சி ஊர்க் கடையில் பணம் போட்டுவிட்ட பிறகு ஒரே முயற்சியில் போனது. அதற்குள் ஒன்பது நாள். ஊர் வீட்டில் ஓடு மாற்றிக்கொண்டிருந்த கொத்தனாருக்குச் சித்தப்பா கையிலிருந்து கூலி கொடுத்தார். வங்கியின் உதவி எண்ணில் பேசிய ஒருவர்கூட இந்த இருப்பு விஷயத்தைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

அதன் பிறகு ஓடிபியை நம்பும் இடங்களைக் குறைத்தேன். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கடவுச்சொல்லும் அதன் வழியாகத்தான் மீள்கிறது. அதற்கு அங்கீகாரச் செயலி வைத்தேன். 30 விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண்ணைப் போனே உருவாக்கும், சிக்னலே வேண்டாம். அந்தப் போன் தொலைந்தால் என்ன செய்வது என்பதற்காக, கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி ஒரு பிரதியை இங்கேயும் ஒன்றை ஊரில் பெட்டகத்திலும் வைத்திருக்கிறேன். வங்கிக் கணக்கை வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றி, சிங்கப்பூர் நம்பரைப் பதிந்துவிட்டேன். 2023-லிருந்து சிங்கப்பூர் உட்படச் சில நாட்டு நம்பர்களில் யுபிஐ-க்கும் அனுமதி உண்டு. உன் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்.

ஆதார் மட்டும் அசையாது. அதன் ஓடிபி ஊர் நம்பருக்குத்தான். அதற்காகவே நம்பரை உயிரோடு வைத்திருக்கிறேன். திட்டம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு நாட்காட்டியில் நினைவூட்டல். 90 நாள் பயன்பாடே இல்லாத, இருப்பு 20 ரூபாய்க்குக் கீழே உள்ள ப்ரீபெய்டு நம்பரை முடக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதனால் மாதம் ஒரு குறுஞ்செய்தி ஆத்தாவுக்கு அனுப்புகிறேன், முதன்மை இருப்பில் நூறு ரூபாய்க்குக் குறைய விடுவதில்லை.

தம்பிக்கு இதுதான் பதில்: எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை, ஆனாலும் நீ நம்பரை விட்டுவிடாதே. சிம் மாற்றுவதானால் இந்த வாரமே காரைக்குடிக்குப் போ. மறுநாள் ஓடிபி வருகிறதா என்று வீட்டிலிருந்தே பார். வங்கிச் செயலியை நீ கொண்டுவரப்போகும் அதே போனில் அங்கேயே பதிந்து, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டு.