ஐந்து பவுன் ஆரம், மூன்று கடை விலை: எது உண்மையில் மலிவு?

கல்யாணத்துக்கு ஐந்து பவுனில் ஒரு ஆரம் எடுக்க வேண்டும். பவுன் என்றாலும் சவரன் என்றாலும் 8 கிராம்தான். ஆகவே 40 கிராம். மூன்று கடைகளில் விசாரித்தால் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். முதல் கடையில் சேதாரம் 9 சதவீதம், செய்கூலி கிராமுக்கு 450 ரூபாய். இரண்டாவது கடையில் சேதாரம் 14 சதவீதம், "செய்கூலியே இல்லை". மூன்றாவது கடையில் கல் வைத்த ஆரம், சேதாரம் வெறும் 5 சதவீதம், செய்கூலியும் கிடையாது.

பேச்சில் கேட்டால் மூன்றாவதுதான் மலிவு போலத் தெரியும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. எளிதாக இருக்க, 22 காரட் கிராம் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கடைக்குப் போகும் நாளில் என்ன விலையோ அதைப் போட்டு இதே கணக்கைச் செய்யலாம்.

முதலில் இந்த இரண்டு சொற்களைப் பார்ப்போம். நகை செய்யும்போது உருக்கி, அராவி, பற்றவைத்து மெருகேற்றுவதில் உதிரும் பொன்னுக்காக ஆசாரி கேட்டு வாங்கியதுதான் சேதாரம். அவருடைய உழைப்புக்குக் கொடுத்தது செய்கூலி. இன்று பட்டறைத் தூளில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். மெஷினில் செய்யும் செயினில் உதிர்வது மிகக் குறைவு. எனவே பில்லில் வரும் சேதாரம் உண்மையில் உதிர்ந்த பொன்னின் அளவு அல்ல; டிசைனின் வேலைப்பாட்டுக்கும் கடையின் லாபத்துக்கும் சேர்த்து வைக்கும் விலை. இதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. பேரம் பேசிக் குறைக்க முடிவது இந்த இடத்தில்தான். சாதா செயின், வளையலுக்குக் குறைவாகவும், நகாசு வேலை, ஆன்டிக் ஆரங்களுக்கு அதைவிட இரண்டு மூன்று மடங்காகவும் சொல்வது வழக்கம்.

சதவீதமாகச் சொன்னால் சேதாரம், கிராமுக்கு இவ்வளவு என்று சொன்னால் செய்கூலி. பணம் போவது ஒரே பைக்குத்தான். அதனால் "செய்கூலி இல்லை" என்ற பலகையைப் பார்த்தால் சேதாரம் எவ்வளவு என்று உடனே கேளுங்கள்.

முதல் இரண்டு கடைகளின் கணக்கு:

| | முதல் கடை | இரண்டாவது கடை |
|---|---|---|
| தங்கம் 40 கிராம் | 4,00,000 | 4,00,000 |
| சேதாரம் | 36,000 (3.6 கிராம்) | 56,000 (5.6 கிராம்) |
| செய்கூலி | 18,000 | இல்லை |
| கூட்டுத்தொகை | 4,54,000 | 4,56,000 |
| ஜி.எஸ்.டி. 3% | 13,620 | 13,680 |
| கொடுக்க வேண்டியது | 4,67,620 | 4,69,680 |

இதற்கு மேல் ஹால்மார்க் கட்டணம் என்று ஒரு நகைக்குச் சில பத்து ரூபாய் வரும். அது ஒப்பீட்டை மாற்றாது. சேதாரம் 9, 14 என்று கேட்டபோது மலைபோலத் தெரிந்த வித்தியாசம் கடைசியில் 2,060 ரூபாய்தான். கிராமுக்கு 450 ரூபாய் என்பது 10,000 ரூபாய் விலையில் 4.5 சதவீதம். அதைச் சேதாரத்தோடு கூட்டினால் முதல் கடை 13.5, இரண்டாவது 14. எந்தக் கடை எப்படிச் சொன்னாலும் இப்படி ஒரே சதவீதமாக மாற்றிவிட்டால் ஒப்பிடுவது சுலபம்.

தங்கம் விலை மாறினால் இந்த வரிசையும் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. செய்கூலி ரூபாயில் நிலையாக நிற்கிறது. சேதாரம் விலையோடு ஏறி இறங்குகிறது. இந்த இரு கடைகளும் சமமாவது கிராம் 9,000 ரூபாயில். அதற்குக் கீழே இரண்டாவது கடை மலிவு, மேலே போகப் போக முதல் கடை மலிவு. கிராம் 12,000 ஆனால் வரிக்கு முன்பே 6,000 ரூபாய் வித்தியாசம் வந்துவிடும். ஆறு மாதம் முன்பு நகை எடுத்த உறவினர் "அந்தக் கடைதான் மலிவு" என்று சொன்னது அன்றைக்குச் சரியாக இருந்திருக்கலாம். இன்றைய விலையில் மறுபடி கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

முதல் கடையில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: செய்கூலி 40 கிராமுக்கா, சேதாரம் சேர்த்த 43.6 கிராமுக்கா? இரண்டாவது முறையில் போட்டால் செய்கூலி 19,620 ஆகும். கூடுதலாக வந்த 1,620 ரூபாய் பில்லில் தனியாகத் தெரியாது. அதே போல "சேதாரத்தில் பாதி தள்ளுபடி" என்றால் எந்த எண்ணில் பாதி என்று கேளுங்கள். 18 சதவீதத்தில் பாதி 9. பக்கத்துக் கடையில் தள்ளுபடியே இல்லாமல் 8 சதவீதம் சொன்னால் அதுதான் லாபம். "கிராமுக்கு 200 ரூபாய் தள்ளுபடி" என்பது இந்த விலையில் 2 சதவீதம்தான்.

மூன்றாவது கடைக்கு வருவோம். சேதாரம் குறைவாக இருக்கும் கல் நகையில் தராசைப் பார்க்க வேண்டும். கல், அரக்கு, நூல் எல்லாம் சேர்ந்தது கிராஸ் வெயிட். தங்கம் மட்டும் நெட் வெயிட். இந்த ஆரம் மொத்தம் 40 கிராம், அதில் கல் 4 கிராம் என்று வைப்போம். கடைக்காரர் 40 கிராமுக்கும் தங்க விலை போட்டால் தங்கம் 4,00,000, சேதாரம் 20,000, வரி 12,600, ஆக 4,32,600 ரூபாய். மூன்று கடையிலும் குறைந்த தொகை இதுதான். ஆனால் கையில் இருக்கும் தங்கம் 36 கிராம்.

அதனால் மொத்தத் தொகையைத் தங்கத்தின் நெட் வெயிட்டால் வகுத்துப் பாருங்கள். முதல் கடையில் ஒரு கிராம் தங்கத்துக்கு நீங்கள் கொடுப்பது சுமார் 11,690 ரூபாய். இரண்டாவதில் 11,742. மூன்றாவதில் 12,017. மலிவாகத் தெரிந்த கடைதான் விலை கூடிய கடை. சாதாரணக் கல் 4 கிராமைத் தங்க விலையில், 40,000 ரூபாய்க்கு வாங்கியதால் வந்த வினை இது.

அதே கடை முறையாக பில் போட்டால் கதை தலைகீழாகும். 36 கிராம் தங்கத்துக்கு 3,60,000, சேதாரம் 18,000, கல்லுக்குத் தனியாக 6,000 என்று போட்டால் வரியோடு 3,95,520. கல் விலையும் சேர்த்தே ஒரு கிராம் தங்கத்துக்குச் சுமார் 10,987 ரூபாய்தான். இப்போது மூன்றிலும் மலிவு இதுதான். ஆக, கல் நகை வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. நெட் வெயிட்டையும் கல் விலையையும் தனித்தனியாக எழுதித் தருகிறார்களா என்பதே கேள்வி. ஹால்மார்க் நகையின் பில்லில் தங்கத்தின் நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கல் எடையைக் காரட்டில் எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம்: கல்லுக்குக் காரட் என்பது எடை, ஐந்து காரட் ஒரு கிராம்.

தங்கத்துக்குக் காரட் என்பது சுத்தம். முழுத் தங்கம் 24 பங்கு என்றால் அதில் 22 பங்கு தங்கமும் 2 பங்கு செம்பு, வெள்ளி போன்றவையும் இருப்பது 22 காரட். ஆயிரத்துக்கு 916 என்பதால்தான் அது 916. பதினெட்டு காரட் 750. வைரமும் சிறு கற்களும் பிடிப்பாக நிற்க 18 காரட்டில் செய்வது வழக்கம், அதில் தவறில்லை. அதற்கு 22 காரட் விலையைப் போடுவதுதான் தவறு. 22 காரட் கிராம் 10,000 என்றால் 18 காரட்டில் இருக்கும் தங்கத்தின் மதிப்பு சுமார் 8,180 ரூபாய். கல் ஆரத்துக்கு விலை பேசும் முன் இது எத்தனை காரட் என்று கேட்டு, நகையில் உள்ள முத்திரையிலும் பார்த்துவிடுங்கள்.

அந்த முத்திரையில் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முக்கோணச் சின்னம், 22K916 போன்ற சுத்தக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்க எண் உள்ள ஹால்மார்க் நகையைத்தான் கடைகள் விற்கலாம். வெறும் "916" என்று மட்டும் குத்தியிருந்தால் அது ஹால்மார்க் அல்ல. "கேடிஎம் நகை" என்று சொல்வதும் சுத்தத்துக்கு உத்தரவாதம் அல்ல. அது காட்மியம் கலந்த பற்றுவைப்பைக் குறிக்கும் பழைய பெயர். அதன் புகை பட்டறையில் வேலை செய்பவர்களின் உடல்நலத்தைக் கெடுப்பதால் கைவிடப்பட்டது.

எண் மிகப் பொடியாக இருக்கும். செயின், ஆரத்தில் பெரும்பாலும் கொக்கிப் பக்கம் தேடுங்கள். கடைக்காரரிடம் லென்ஸ் கேளுங்கள், தருவார்கள். பிறகு கைப்பேசியில் `BIS Care` செயலியைத் திறந்து `Verify HUID` பகுதியில் அந்த ஆறு இலக்கத்தைப் போடுங்கள். நகையின் வகை, சுத்தம், பரிசோதித்த மையம் முதலியவை வரும். கையில் ஆரம் இருக்க, திரையில் மோதிரம் என்று வந்தால் வாங்காமல் வெளியே வந்துவிடலாம். ஒரு நகைக்கு ஒரு எண் என்பதால் இரண்டு வளையலிலும் ஒரே எண் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

ஹால்மார்க் சுத்தத்தை மட்டுமே சொல்கிறது. எடையையோ கல்லின் தரத்தையோ சேதாரம் நியாயமா என்பதையோ அது சொல்லாது. எனவே ஹால்மார்க் சரியாக இருந்தாலும் கிராம் கணக்கைப் போடாமல் இருக்க முடியாது.

பழைய நகையைக் கொடுத்து மாற்றுவதாக இருந்தால் அந்தப் பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பழையதற்கு நல்ல விலை தருவதாகச் சொல்லிப் புதியதன் சேதாரத்தை ஏற்றிவிட்டால் இரண்டும் கலந்து எதுவும் தெரியாது. புதிய ஆரத்தின் முழு விலையையும் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பழையதை எடுத்துக் காட்டுங்கள். கல்லைக் கழற்றிய பின் எடை, மெஷினில் காட்டும் சுத்தம், கழிவு என்று பிடிப்பது எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் கேளுங்கள். ஜி.எஸ்.டி. புதிய நகையின் முழு விலைக்கும் வரும், மிச்சம் கொடுக்கும் தொகைக்கு மட்டும் அல்ல. முதல் கடையில் எடுத்த ஆரத்தை நாளை அதே தங்க விலையில் விற்றாலும் 4,00,000 ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சேதாரம், செய்கூலி, வரி என்று கொடுத்த 67,620 ரூபாய் திரும்பி வராது.

வாங்கிய பின் சுத்தத்தில் சந்தேகம் வந்தால் பி.ஐ.எஸ். அங்கீகரித்த பரிசோதனை மையத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். குறித்ததைவிடச் சுத்தம் குறைவு என்று உறுதியானால், அந்த எடைக்குக் குறைந்த சுத்தத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் விற்றவர் தர வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். விதிகள் சொல்கின்றன. அதற்கு நிகர எடையும் காரட்டும் எழுதிய பில் கையில் இருக்க வேண்டும். எஸ்டிமேட் சீட்டோடு கிளம்பிவிடாதீர்கள்.