எரியும் பச்சை விளக்கு, எரிந்துபோன ஸ்பைக் பஸ்டர்

நான் பல வருடங்களாக வைத்திருக்கும் ஸ்பைக் பஸ்டரைப் பார்த்துவிட்டு, தானும் அதையே வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போன மழைக்கு முன்னால் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். சாக்கெட்டுகள் பிளக்கை இறுக்கமாகப் பிடிக்கும். ஒயர் தடிமன். சுவிட்ச் ஒருநாளும் பொறி தட்டியதில்லை. ஆனால் அதன் மூலையில் ஒரு பச்சை விளக்கும், கீழே 'புரொடெக்டட்' என்ற எழுத்தும் இருக்கின்றன. அந்த விளக்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அருகில் எங்கோ இடி விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த கணினி அணைந்தது, ரூட்டரும் செத்தது. மின்சாரம் வந்தபின் பவர் பட்டனை அழுத்தினால் கணினியின் மின்விசிறி அரைச் சுற்று துடித்து நின்றுவிடுகிறது. மதர்போர்டில் ஸ்டாண்ட்பை விளக்கு எரிகிறது. ஸ்பைக் பஸ்டரிலும் பச்சை பளிச்சென்று இருக்கிறது.

அரைச் சுற்று துடிப்பது நல்ல சகுனம் என்பேன். பவர் சப்ளை முழுதாகச் செத்திருந்தால் அந்தத் துடிப்புகூட இருக்காது. எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து அது தானாகவே அணைகிறது என்றே பெரும்பாலும் அர்த்தம். அதனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் சப்ளையைத் தனியாகச் சோதித்தேன். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரின் பின்னையும் பக்கத்துக் கருப்பு ஒயரின் பின்னையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தால் அது ஓட வேண்டும். சுமைக்கு ஒரு பழைய மின்விசிறியை மாட்டி மல்டிமீட்டரில் பார்த்தேன். 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவே இருக்க வேண்டும், 5 வோல்ட் லைன் 4.75க்கும் 5.25க்கும் நடுவே. இரண்டும் சரி. (ஓடவில்லை என்றாலும் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.)

அடுத்து மதர்போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ராம், இவ்வளவு மட்டும். திரையில் பயாஸ் வந்தது. பிறகு ஒவ்வொரு பாகமாகச் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு பிழைத்திருந்தது, எஸ்எஸ்டி பிழைத்திருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் பவர் ஒயரைச் செருகியதும் மறுபடி அதே அரைச் சுற்றுத் துடிப்பு.

இந்த இடத்தில்தான் பலர் டிஸ்க் போச்சு, தரவு போச்சு என்று தலையில் கை வைப்பார்கள். பொறுங்கள். டிஸ்க்கின் சர்க்யூட் போர்டில், பவர் கனெக்டருக்கு அருகே, டிவிஎஸ் டயோடு என்ற சின்னக் கருப்புத் துண்டுகள் பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று 12 வோல்ட்டுக்கு, ஒன்று 5 வோல்ட்டுக்கு. மிகை மின்னழுத்தம் வந்தால் தான் ஷார்ட் ஆகி, பின்னால் இருப்பதைக் காப்பதே அவற்றின் வேலை. 12 வோல்ட் டயோடின் இரு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டியது. அதைச் சூடாக்கி எடுத்தவுடன் டிஸ்க் சுழலத் தொடங்கியது. `sudo smartctl -a /dev/sda` கொடுத்து, டிஸ்க்கில் பழுதான இடங்களை எண்ணும் `Reallocated_Sector_Ct`, `Current_Pending_Sector` இரண்டும் பூஜ்யம் என்று பார்த்துக்கொண்டேன். காவல் இல்லாத டிஸ்க் என்பதால் தரவை எல்லாம் அன்றே வேறிடத்துக்கு நகலெடுத்து அதற்கு ஓய்வு கொடுத்தேன். சில காசு டயோடு ஒன்று முழு டிஸ்க்கையும் காப்பாற்றியதில் எனக்கு இன்னும் வியப்புதான்.

உண்மையில் செத்தது மதர்போர்டின் லேன் போர்ட். கேபிளைச் செருகினால் விளக்கில்லை, `lspci` பட்டியலில் லேன் சிப்பே இல்லை. ரூட்டரும் செத்திருப்பதைச் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிகிறது. வெளியிலிருந்து வரும் செம்புக் கேபிள், அங்கிருந்து ரூட்டர், அங்கிருந்து லேன் கேபிள், கடைசியில் கணினி. லேன் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன மின்மாற்றி 1500 வோல்ட் வரை தாங்கும்படி சோதிக்கப்படுவது. இடி தூண்டும் அழுத்தம் அதைத் தாண்டிவிடலாம். மின்சார ஒயரைக் காக்கும் ஸ்பைக் பஸ்டர் இந்த வழியில் காவலே இல்லை. அதற்காக அதைத் திட்டுவது நியாயமும் இல்லை.

திட்ட வேண்டியது விளக்கை. வேறு வேலையாக ஸ்பைக் பஸ்டரின் மூடியைத் திறந்தபோது உள்ளே எம்ஓவி எனப்படும் வட்டத் துண்டு கருகி வெடித்திருந்தது. மின்னழுத்தம் எகிறும்போது தன் வழியே மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் துத்தநாக ஆக்சைடு வில்லை அது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேய்ந்து ஒருநாள் சாகும். செத்தால் தீப்பிடிக்காதிருக்க அதனோடு ஒரு வெப்ப ஃபியூஸ் இருக்க வேண்டும், இதிலும் இருந்தது, அறுந்திருந்தது. அதுவரை எல்லாம் முறைப்படிதான். ஆனால் பச்சை விளக்கை ஃபியூஸுக்குப் பின்னால் இணைக்காமல் நேராக லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இணைத்திருக்கிறார்கள். மின்சாரம் வந்தால் எரியும், அவ்வளவுதான். பாதுகாப்பு இருக்கிறதா என்று அதற்கு எதுவும் தெரியாது.

வெளியிலிருந்து மல்டிமீட்டர் வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல எம்ஓவியும் குறைந்த மின்னழுத்தத்தில் திறந்த சுற்றுப் போலத்தான் காட்டும், அறுந்ததும் அப்படியே. ஆக அந்த விளக்கு ஒன்றே சாட்சி, அந்தச் சாட்சியே பொய் சொல்கிறது. எத்தனை மழை இப்படி வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்பிக் கழிந்ததோ.

மூடியைத் திறந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. மொத்தமே ஒரு எம்ஓவி, லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே. இடியின் தூண்டல் பெரும்பாலும் இரண்டு ஒயர்களையும் எர்த்தோடு ஒப்பிடும்போது சேர்த்தே உயர்த்தும். அப்போது இந்த ஒற்றை எம்ஓவிக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. லைன்-எர்த், நியூட்ரல்-எர்த் இரண்டுக்கும் தனித்தனிக் காவல் வேண்டும், சுவரில் எர்த் உண்மையாக இருக்கவும் வேண்டும். அட்டையில் பெரிதாகப் போடும் ஜூல் எண்ணிக்கை அது எவ்வளவு ஆற்றலை விழுங்கும் என்றுதான் சொல்கிறது. எத்தனை வோல்ட்டில் பிடித்து நிறுத்தும் என்பது வேறு. 230 வோல்ட் லைனுக்குப் போடும் வழக்கமான 275 வோல்ட் எம்ஓவி, மிதமான மின்னோட்டத்திலேயே சுமார் 700 வோல்ட்டை உள்ளே விடும். அதைத் தாங்குவது பவர் சப்ளையின் பொறுப்பு.

நண்பருக்கு நான் சொன்னது: ஜூலைப் பார்க்காதே, காவல் செத்தால் சாக்கெட்டுகளுக்கு மின்சாரத்தையே நிறுத்தும் வகையை வாங்கு. வீட்டின் மெயின் சுவிட்ச் போர்டில், மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் டைப் 2 எஸ்பிடி ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடு. ரூட்டரிலிருந்து கணினிக்கு வைஃபை போதுமென்றால் லேன் கேபிளே வேண்டாம்.

என் பவர் சப்ளை பிழைத்ததில் இந்த ஸ்பைக் பஸ்டருக்கும் பங்கு இருக்கலாம். ஒயர், சாக்கெட், சுவிட்ச் எதிலும் குறை சொல்ல மாட்டேன், இதைவிட நல்ல சாக்கெட்டுகளை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் பத்துக்கு இரண்டுதான் கொடுப்பேன், வாங்காதீர்கள் என்றும் சொல்வேன். என்னுடையதைத் தூக்கி எறியவில்லை. கருகிய எம்ஓவியை வெட்டி எடுத்து, பச்சை விளக்கின் ஒயரையும் துண்டித்து, மேசை விளக்குக்கும் போன் சார்ஜருக்கும் விட்டிருக்கிறேன்.