பெரிய மார்பளவுக்குப் பொருந்தும் குர்தி: சில ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

மார்பளவு கூடுதலாக உள்ள பெண்கள் நேர்வெட்டுக் குர்தி அணியும்போது உடல் முழுவதும் ஒரே அகலமாகத் தெரிகிறது. இதற்கு மார்பைவிடத் துணி விழும் விதமே பெரிய காரணம். மார்பின் உச்சியில் தொட்ட துணி, அதற்குக் கீழே உடலைத் தொடாமல் நேராகத் தொங்குகிறது. இடைக்கு முன்னால் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வெற்றிடமும் உடலாகவே தெரிகிறது. அலுவலகத்துக்குத் தினமும் குர்தி அணிபவள் என்ற முறையில், இந்த வெற்றிடத்தைக் குறைக்க எவையெல்லாம் நீடித்துப் பயன்பட்டன என்பதை இங்கே எழுதுகிறேன்.

என் அளவுகளைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். அக்குளை ஒட்டிய மேல் மார்பு 36 அங்குலம், முழு மார்பு 40, மார்புக்குக் கீழே 33, இடை 34, தோள் 14. ஆயத்த ஆடைக் கடையில் 40 என்று சொன்னால் எக்ஸ்எல் எடுத்துத் தருவார்கள். மார்பில் அது சரியாக உட்காரும். ஆனால் அந்த அளவுக்குரிய தோள் எனக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் அகலமாக இருக்கும், கைத்தையல் புஜத்தில் இறங்கி நிற்கும், இடையில் ஐந்தாறு அங்குலத் துணி மிஞ்சும். தோள் இறங்குவதும் இடை தளர்வதும் சேர்ந்துதான் பெட்டித் தோற்றத்தைத் தருகின்றன. பக்கத் தையலைப் பிடித்தால் போதும் என்று பல தையற்கடைகளில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பக்கவாட்டில் மட்டும் பிடித்தால் முன்புறம் மார்பிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வான சுருக்கங்கள் விழும். மார்புக்கு வேண்டிய இடத்தை முன்பக்கத் துணிக்குள்ளேயே உருவாக்க வேண்டும்.

அதற்கு முன்பு உள்ளாடையைச் சரிசெய்ய வேண்டும், ஏனெனில் அளவெடுக்கும் இடமே அதைப் பொறுத்து மாறுகிறது. பழைய கணக்கின்படி மார்புக்குக் கீழுள்ள அளவோடு ஐந்தைக் கூட்டினால் எனக்கு 38 பி வரும். கீழளவை அப்படியே எடுத்து இரட்டைப்படைக்கு உயர்த்தி, முழு மார்போடு உள்ள வித்தியாசத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு கப் என்று கணக்கிட்டால் 34 டிடிடி வரும். அது சாதாரணக் கடைகளில் அரிது. பட்டையை ஒரு படி கூட்டிக் கப்பை ஒரு படி குறைத்தால் கப்பின் கொள்ளளவு மாறாது என்பதால், 36 டிடி எனக்கு ஒத்துவந்தது. இதே கணக்கில் 38 டி-யும் அதற்குச் சமம். அதாவது 38 பி-யில் கப் இரண்டு படி சிறியது. கப் சிறிதானால் மார்பு பக்கவாட்டிலும் கீழேயும் நகரும், பட்டை முதுகில் மேலேறும், சுமை முழுவதும் தோள்பட்டை வாரில் விழும். முழுக் கப்பும் பக்கத்தில் உயரமான துணியும் கொண்ட, தளர்வான கொக்கியிலேயே முதுகில் கிடையாக நிற்கும் பட்டையுள்ள உள்ளாடை அணிந்தபோது, மார்பின் உச்சி ஓர் அங்குலத்துக்கும் மேலாக உயர்ந்தது. அந்த ஓர் அங்குலம் மார்புக்கும் இடைக்கும் இடையே உடலைக் காட்டுகிறது. தைக்கக் கொடுக்கும்போதும் அதே உள்ளாடையை அணிந்துதான் அளவு கொடுக்க வேண்டும். பட்டையின் மீள்தன்மை குறையக் குறைய உள்கொக்கிகளுக்கு மாறலாம். கடைசிக் கொக்கியிலும் பட்டை மேலேறினால் புதியது வாங்கியே தீரவேண்டும், இல்லாவிட்டால் நன்றாகத் தைத்த குர்தியிலும், மார்புக்கு இடம் தர மடித்துத் தைக்கும் டாட் தவறான இடத்தில் நிற்கும்.

வெட்டைப் பொறுத்தவரை என் அனுபவத்தில் நிலைத்தது, கைக்குழியிலிருந்து தொடங்கி மார்பின் மேலாக வளைந்து இடைக்கு இறங்கும் தையல் கொண்ட பிரின்சஸ் கட். தையற்காரரிடம் தோளும் கைக்குழியும் மேல் மார்பின் 36 அளவுக்கே வெட்டச் சொல்லி, கூடுதல் மார்பளவை முன்பக்கத் துண்டுகளின் வளைவில் மட்டும் சேர்க்கச் சொன்னேன். முன்துணி மார்பின் மேல் ஏறி இறங்குவதால் நீளமும் செலவாகிறது. எனவே முன்புறத்தை ஓர் அங்குலம் நீளமாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் கீழ்விளிம்பு முன்னால் தூக்கி நிற்கும். கண்ணாடியில் பக்கவாட்டாக நின்று பார்த்தால் இது உடனே தெரியும்: பக்கத் தையல் தரையை நோக்கி நேராக இறங்காமல் முன்னோக்கிச் சாய்ந்தால், முன்பக்கத்தில் துணி போதவில்லை என்று பொருள். சாதாரண டாட் வைப்பதாக இருந்தால் அதன் முனை உச்சியைத் தொடாமல் ஓர் அங்குலம், பெரிய மார்புக்கு ஒன்றரை அங்குலம் முன்பே முடிய வேண்டும். உச்சிவரை தைத்தால் கூர்மையாகப் புடைத்து நிற்கும். இடையில் உடலளவைவிட மூன்று அங்குலத் தளர்வு விட்டேன். அதற்குக் குறைத்தால் உட்காரும்போது வயிற்றில் இழுக்கும்.

கழுத்தில் வி வடிவமே எனக்கு முதல் தேர்வு. தோளிலிருந்து ஏழு அங்குல ஆழம் இருந்தால் போதும், மார்புக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு செங்குத்தான திறப்பு கிடைக்கிறது. ஒரே அகலமான துணிப்பரப்பு உடைகிறது. மூடிய காலர் கழுத்தும் போட் கழுத்தும் அந்தப் பரப்பைத் தோள்வரை நீட்டிவிடுகின்றன. முன்கழுத்து ஆழமானால் பின்கழுத்தைச் சிறிதாக வைப்பது நல்லது, இரண்டும் அகன்றால் தோள் நழுவும். குனியும்போது வி கழுத்து வாய் திறப்பதுதான் இதன் குறை. வெட்டும்போதே கழுத்தோரத்தைக் கால் அங்குலம் குறைத்து, நீளாதபடி உள்ளே பட்டி வைத்துத் தைத்தால் பெருமளவு அடங்குகிறது.

துணியில்தான் காலத்தின் வேறுபாடு தெரிகிறது. கஞ்சி போட்ட காட்டன், ராசில்க், ஆர்கன்சா ஆகியவை மார்பில் தொட்ட இடத்திலிருந்து கூடாரம்போல விலகி நிற்கும். எத்தனை டாட் வைத்தாலும் முழுதாக அடங்காது. (கஞ்சி போட்ட சேலையின் மிடுக்கு எனக்கும் பிடிக்கும், ஆனால் குர்திக்கு அது உதவாது.) நடுத்தர எடையுள்ள ரேயான் அழகாக விழுகிறது, ஆனால் முதல் நனைப்பிலேயே சுருங்குவதால் நனைத்து உலர்த்திய பிறகுதான் வெட்டக் கொடுக்க வேண்டும், நாளடைவில் அக்குள் பகுதியில் நூல் உருண்டு பழையதாகத் தெரியும். லைக்ரா கலந்த பின்னல் துணி உள்ளாடையின் ஓரங்களைக் காட்டிக்கொடுத்தது, துவைக்கத் துவைக்க மார்பில் தளர்ந்தும் போனது. இதுவரை நன்றாக உழைத்தது மென்மையான மல் காட்டன்தான். அதே துண்டுகளாக வெட்டிய மெல்லிய உள்துணியோடு தைத்தால் ஒட்டாமலும் விறைக்காமலும் விழுகிறது.

பிரின்சஸ் கட்டில் ஒரு வரம்பு உண்டு. உடல் சற்றுப் பருத்தால் பக்கத் தையலை மட்டும் பிரித்து மார்பைத் தளர்த்த முடியாது. வளைந்த தையலிலும் துணி மிச்சம் இருக்க வேண்டும். வளைவு படிவதற்காகத் தையற்காரர் தையலுக்கு உள்ளே விடும் மிச்சத் துணியை ஒட்ட நறுக்கிவிடுவது வழக்கம். அதனால் வளைவில் அரை அங்குலமும் பக்கத்தில் ஓர் அங்குலமும் விடச் சொல்லி, நறுக்குவதற்குப் பதிலாகச் சிறு வெட்டுகள் மட்டும் போடச் சொல்லித் துணியைக் கொடுக்கிறேன்.