விலக்குக் கடிதமா, எல்லோருக்கும் விருப்பத் தேர்வா? பள்ளி விளையாட்டு உடை விதியை எழுதும் இரண்டு வழிகள்

மத நம்பிக்கையாலோ, வீட்டுப் பழக்கத்தாலோ, உடம்பு தெரிவது கூச்சமாக இருப்பதாலோ ஷார்ட்ஸ் போட முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியைத்தான் எடுக்கின்றன. முதல் வழியில் எல்லோருக்கும் ஒரே உடை. வேறு உடை வேண்டுமென்றால் பெற்றோர் கடிதம் கொடுத்து விலக்கு வாங்க வேண்டும். இரண்டாவது வழியில் விதியிலேயே பல உடைகள் எழுதப்பட்டிருக்கும். எதைப் போட்டாலும் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

முதல் வழி நியாயமானதாகத்தான் தெரியும். கேட்டால் கொடுத்துவிடுகிறோமே என்பார்கள். ஆனால் கேட்பதுதான் அங்கே சிக்கல். பதின்மூன்று வயதுப் பெண் தன் தொடை தெரியக் கூடாது என்று நினைப்பதை ஒரு காகிதத்தில் எழுதி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மத அடையாளம் உள்ள பிள்ளைக்காவது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கூச்சம் மட்டுமே காரணமாக உள்ள பிள்ளை, தழும்பை மறைக்க நினைக்கும் பிள்ளை, மாதவிடாய் நாளில் வெள்ளை ஷார்ட்ஸுக்கு அஞ்சும் பிள்ளை எல்லாம் கடிதம் கொடுப்பதில்லை. வயிற்றுவலி என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். விலக்கு முறை சரியாக ஓடவில்லை என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி: கடிதங்கள் குறைவு, ஓரத்தில் உட்காருபவர்கள் அதிகம்.

இன்னொரு பலவீனம், கடிதம் உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேராதது. 2019இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவி ஹிஜாப் அணிந்து நெடுந்தூர ஓட்டப் போட்டியில் ஓடி முடித்தார். முன்கூட்டியே விலக்கு பெறவில்லை என்று அவரைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அவர் ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை, காகிதம்தான் இல்லை. பின்னர் 2022இல் அந்த மாநிலம் பள்ளி விளையாட்டில் மத உடையைத் தடுக்காதிருக்கச் சட்டமே கொண்டுவந்தது.

இரண்டாவது வழியில் விதி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "மேலே பள்ளி நிற டீ-ஷர்ட், அரைக்கை அல்லது முழுக்கை. கீழே அடர்நிற ஷார்ட்ஸ் அல்லது டிராக் பேன்ட். உள்ளே லெகிங்ஸ் போடலாம். தலைத்துணி அணியலாம், ஊசி கூடாது, தொங்கும் முனை கூடாது." நான்கே வரி. இதில் மதம் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் எதற்காக முழுக்கை போடுகிறார் என்று தெரியாமலே போய்விடுகிறது.

பாதுகாப்பு என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. கால்பந்து விதிகள் 2014இலும், கூடைப்பந்து விதிகள் 2017இலும் தலைத்துணியை அனுமதித்துவிட்டன. கால்பந்தில் வைத்த நிபந்தனைகள் பள்ளிக்கும் பொருந்தும்: சட்டையோடு இணைந்திருக்கக் கூடாது, துருத்திக்கொண்டிருக்கும் பகுதி கூடாது, யாருக்கும் ஆபத்தாக இருக்கக் கூடாது. நடைமுறையில் தலைவழியாக மாட்டும் நெகிழ்துணியோ, பின்னால் வெல்க்ரோ வைத்ததோ போதும். சோதிப்பதும் எளிது. இரண்டு விரலால் பின்னாலிருந்து இழுத்தால் துணி கழன்று வர வேண்டும், கழுத்தை இறுக்கக் கூடாது. சேஃப்டி பின்தான் உண்மையான ஆபத்து. அதைத் தடுத்தால் பெரும்பாலான கவலை தீரும். சீக்கிய மாணவர் தலையில் கட்டும் பட்கா என்ற துணியும் இதே வரிக்குள் அடங்கிவிடும்.

ஆனால் சீக்கியர்கள் கையில் போடும் கடா என்ற உலோக வளையம் அப்படி அடங்காது. கால்பந்தில் நகையை டேப் போட்டு மறைப்பதும் விதிப்படி கூடாது. அங்கே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். நீச்சலும் அப்படித்தான். பருத்தித் துணி நனைந்தால் கனத்துப்போய் ஆளை இழுக்கும், ஆகவே "முழு உடை போடலாம்" என்று மட்டும் எழுதுவது ஆபத்து. நீச்சலுக்கான துணி, உடம்போடு ஒட்டியது என்று சேர்த்து எழுத வேண்டும். முதல் நாள் ஆழமில்லாத பக்கத்தில் நீந்தவைத்துப் பார்க்கவும் வேண்டும்.

பல உடைகளை அனுமதிக்கும் இரண்டாவது வழிக்குச் செலவு கூடும் என்பார்கள். குறிப்பிட்ட சின்னம் வைத்த பேன்ட்டைத்தான் வாங்க வேண்டும் என்றால் கூடத்தான் செய்யும். நிறத்தை மட்டும் சொல்லிவிட்டால் வீட்டில் இருப்பதே போதும். சீராக இருக்காதே என்ற குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே நிறம் என்றாலே தூரத்திலிருந்து அணி தெரிந்துவிடும்.

விதியை எவ்வளவு நன்றாக எழுதினாலும், பலர் முன்னால் உடை மாற்றச் சொன்னால் எல்லாம் வீண். விளையாட்டு வகுப்பு உள்ள நாளில் வீட்டிலிருந்தே விளையாட்டு உடையில் வர விடுங்கள். அல்லது கதவு உள்ள இரண்டு தடுப்பறையாவது கொடுங்கள். முதலாவதற்கு ஒரு காசும் ஆகாது, அதனால் நான் அதைத்தான் முதலில் செய்வேன்.