டீசல் கார் பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆன கதை: பூஸ்டரா, பம்பா?

என் டீசல் காரை வாங்கி ஆறு வருஷம் ஆச்சு, 1,40,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு. முதல் நாலு வருஷம் பிரேக்கைப் பத்தி நான் யோசிச்சதே இல்ல. அப்புறம் ஒரு நாள் ரிவர்ஸ் எடுத்து பார்க் பண்ணும்போது, வரிசையா மூணு தடவை பெடலை மிதிச்சா மூணாவது தடவை கால்ல கட்டையா நிக்குது. ரெண்டு நொடி விட்டு மிதிச்சா பழையபடி மெத்துனு இறங்குது. ரோட்ல சாதாரணமா ஓட்டும்போது ஒண்ணுமே தெரியல, அதனால நானும் ரெண்டு வாரம் கண்டுக்கல. அது தப்பு.

வொர்க்‌ஷாப்ல காட்டினேன், பெடலை ஒரு மிதி மிதிச்சு பார்த்துட்டு "பூஸ்டர் போயிடுச்சு, மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஏன்னா பூஸ்டர் போயிருந்தா எப்பவும் கட்டையா இருக்கணும், இது விட்டு விட்டு வருது. அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து புரிஞ்சுகிட்டேன்.

பூஸ்டர்ங்கிறது பெடலுக்கும், பிரேக் ஆயிலை அழுத்தி சக்கரத்துக்கு அனுப்பற மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கற அந்த பெரிய கறுப்பு டப்பா. உள்ள ஒரு ரப்பர் டயாஃப்ரம் அதை முன்னறை, பின்னறைனு ரெண்டா பிரிக்குது. கால் வைக்காதப்போ ரெண்டு அறையிலயும் வேக்குவம்தான், அதனால டயாஃப்ரம் சும்மா நிக்கும். பெடலை மிதிச்சதும் நடுவுல இருக்கற வால்வ் முதல்ல ரெண்டு அறைக்கும் இடையில இருக்கற வழியை அடைச்சுடுது, அப்புறம் பின்னறைக்கு வெளிக்காத்தைத் திறந்து விடுது (கால்கிட்ட லேசா 'உஸ்'னு கேக்குமே, அது இந்தக் காத்துதான்). முன்னால வேக்குவம், பின்னால வெளிக்காத்து, அந்தக் காத்தோட அழுத்தம் டயாஃப்ரத்தை முன்னால தள்ளுது. நிறைய பேர் வேக்குவம் இழுக்குதுன்னு நினைக்கிறாங்க, உண்மையில தள்ளுறது வெளிக்காத்துதான்.

எவ்வளவு தள்ளும்னு ஒரு கணக்கு போட்டு பார்த்தேன். டயாஃப்ரம் 23 சென்டிமீட்டர் விட்டம்னு வச்சுக்கோங்க, பரப்பளவு சுமார் 415 சதுர சென்டிமீட்டர். வேக்குவம் 0.7 பார் இருந்தா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு கிட்டத்தட்ட 0.7 கிலோ, மொத்தம் 290 கிலோ தள்ளு. கால்ல 20 கிலோ மிதிச்சா, பெடல் ஒரு நெம்புகோல்தானே, நாலு மடங்காகி புஷ் ராட்ல 80 கிலோவா வரும். பூஸ்டர் அதை இன்னொரு நாலு மடங்காக்குதுன்னா மாஸ்டர் சிலிண்டருக்கு 320 கிலோ போகும், அதுல 240 கிலோ பூஸ்டரோட உதவி. பூஸ்டரே இல்லேன்னா அதே 320 கிலோவுக்கு கால்ல 80 கிலோ மிதிக்கணும்.

இந்த நாலு மடங்கை அளவா வச்சுக்கறது உள்ள இருக்கற ரியாக்‌ஷன் டிஸ்க்னு ஒரு சின்ன ரப்பர் வட்டு. டயாஃப்ரம் தள்ளத் தள்ள அது அமுங்கி பெடலைத் திரும்ப நம்ம கால்ல தள்ளும், கால் எவ்வளவு அழுத்துதோ அந்த அளவுலயே வால்வ் மூடிக்கும். அதனாலதான் கால் லேசா வச்சா லேசா பிடிக்குது, பட்டுன்னு பூட்டிக்கறதில்ல.

இப்போ என் பிரச்சனைக்கு வரேன். பெட்ரோல் வண்டில இந்த வேக்குவம் தானா கிடைக்குது, ஏன்னா ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால் எடுத்தா த்ராட்டில் மூடிக்குது, பிஸ்டன் காத்துக்காக இழுக்குது, இன்டேக் மேனிஃபோல்ட்ல 0.6, 0.7 பார் அளவு வேக்குவம் வந்துடும். டீசல்ல வேகத்தைக் கட்டுப்படுத்தறது டீசலோட அளவுதான், காத்தை த்ராட்டில் வச்சு அடைக்கறதில்ல. சில புது டீசல் என்ஜின்கள்ல ஒரு ஃப்ளாப் இருக்கும், ஆனா அது பிரேக்குக்காக இல்ல. அதனால டீசல்ல தனியா ஒரு வேக்குவம் பம்ப். என் வண்டில கேம்ஷாஃப்ட் முனையில மாட்டியிருக்கு, சில பழைய வண்டிகள்ல ஆல்டர்னேட்டர் பின்னாடியே இருக்கும். உள்ள ஒரு ரோட்டர், அதுல வேன்னு சொல்ற தகடு சுத்தி சுத்தி காத்தை வெளிய தள்ளும், சீலும் வழுக்கலும் ரெண்டுமே என்ஜின் ஆயில்தான். நல்ல பம்ப் 0.9 பார் வரைக்கும் இழுத்துடும், அதனால ஆரோக்கியமான டீசல் வண்டில பிரேக் உதவி பெட்ரோலை விடக் கூடவே இருக்கும். பெரிய லாரி, பஸ்ல எல்லாம் இந்த முறையே இல்ல, ஏர் பிரேக். சில வண்டிகள்ல பவர் ஸ்டியரிங் பம்போட ஆயில் அழுத்தத்தை வச்சு பூஸ்ட் பண்றாங்க.

பூஸ்டர் நல்லா இருக்கான்னு நானே பார்த்தேன். என்ஜின் ஓடும்போது பெடலை மிதிச்சு பிடிச்சுகிட்டு, அப்படியே என்ஜினை ஆஃப் பண்ணி அரை நிமிஷம் காலை எடுக்காம வச்சிருந்தேன். பெடல் கொஞ்சமும் மேல வரல, அப்போ டயாஃப்ரம் கிழியல, வால்வும் சரி. அடுத்து என்ஜின் ஆஃப்லயே நாலஞ்சு தடவை மிதிச்சு, உள்ள மிச்சம் இருந்த வேக்குவத்தைக் காலி பண்ணி, பெடலை மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணினேன். உடனே இறங்கணும். என்னுது பத்து நொடி கழிச்சுத்தான் மெதுவா இறங்குச்சு. இங்கதான் எனக்கு பம்ப் மேல சந்தேகம் வந்துச்சு.

வேற ஒரு மெக்கானிக்கிட்ட போய் பூஸ்டர் ஹோஸைக் கழட்டிட்டு பம்ப் வாய்லயே நேரா கேஜ் மாட்டச் சொன்னேன். ஐடில்ல 0.4 பார், அதுக்கு மேல முள் ஏறவே இல்ல. நேரா பம்ப்ல பார்த்தது முக்கியம், ஏன்னா பல டீசல்ல டர்போ ஆக்சுவேட்டருக்கும் இதே வேக்குவம்தான் போகுது, அந்தச் சின்ன பைப் ஒண்ணு வெடிச்சிருந்தாலும் பிரேக் இதே மாதிரிதான் கட்டையாகும், கூடவே பிக்கப்பும் குறையும். எனக்குப் பிக்கப் நல்லாவே இருந்துச்சு.

0.4 பாரை அதே கணக்குல போட்டப்போதான் எனக்குப் பயம் வந்துச்சு. பூஸ்டர் அதிகபட்சம் சுமார் 166 கிலோதான் தரும், கால்ல 14 கிலோ மிதிக்கும்போதே உதவி தீர்ந்துடும், அதுக்கு மேல பூஸ்டர்ல இருந்து கூடுதலா ஒண்ணும் கிடைக்காது. அதே 320 கிலோவுக்கு கால்ல 38 கிலோ மிதிக்கணும். அதாவது சிக்னல்ல மெதுவா நிறுத்தும்போது எந்த வித்தியாசமும் தெரியாது, யாராவது குறுக்க வந்து பதறி மிதிக்கிற அன்னைக்குத்தான் பெடல் மரமா இருக்கும். நான் ரெண்டு வாரம் ஓட்டினது அப்படிப்பட்ட வண்டி.

பழைய பம்பைப் பிரிச்சு காட்டினார். வேன் ரெண்டு ஓரமும் கூர்மை போய் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு, உள்சுவர்ல விரல் நகம் மாட்டுற அளவு கீறல். ஆயில் வர்ற துளையில இருக்கற சின்ன சல்லடை கறுப்பு பசையா அடைச்சுகிட்டு, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா பாதிக்கு மேல ஓட்டையே தெரியல. நான் ரெண்டு தடவை ஆயில் மாத்தறதை ரொம்பத் தள்ளிப் போட்டிருந்தேன், அதுதான் காரணம்னு நினைக்கிறேன். ஐடில் 800 ஆர்பிஎம்னா கேம்ஷாஃப்ட் 400தான், அந்த மெதுவான சுத்துல தேஞ்ச பம்பால இழந்த வேக்குவத்தை உடனே திருப்பி எடுக்க முடியல, பார்க்கிங்ல மூணாவது மிதி கட்டையானதுக்கு இதான் காரணம்.

பம்ப், கூடவே ஹோஸ்ல இருக்கற நான்-ரிட்டர்ன் வால்வ் ரெண்டும் மாத்தினோம். பம்ப் பக்கத்து ஆயில் பூஸ்டருக்குள்ள போச்சுன்னா ரப்பர் ஊதிப் போயிடும், அதனால ஹோஸ் உள்ள துணி விட்டு பார்த்தோம், நல்லவேளை சுத்தமா இருந்துச்சு. புது பம்ப்ல கேஜ் முள் சில நொடியிலேயே 0.9 கிட்ட போயிடுச்சு. பூஸ்டர் அதே பழசுதான்.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு ஆயில் சேஞ்ச்லயும் அந்த ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற டெஸ்டைப் பண்றேன், பெடல் இறங்க ஒரு நொடிகூட ஆகல.